வீடியோ கே.ஒய்.சி.யில் இரண்டு முறை நிராகரிப்பு: காரணம் யார்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 57. விருதுநகரில் வசிக்கிறேன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 7 சதவீதமும், அதுவரை 3 சதவீதமும் வட்டி தரும் வங்கி ஒன்றில் என்னிடம் உள்ள இரண்டரை லட்சத்தைப் போட, ஆன்லைனில் சேமிப்புக் கணக்குத் தொடங்க முயன்றேன். வீடியோ அழைப்பில் அடையாளத்தைச் சரிபார்க்கும் வீடியோ கே.ஒய்.சி.யில் இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். தங்கை மகன்தான் பக்கத்தில் இருந்து எல்லாம் செய்து தருகிறான்; ஆதாரிலும் அவன் செல்போன் எண்தான் உள்ளது. கணக்கு கிடைத்ததும் தன் வியாபாரப் பணத்தையும் அதில் போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான். தவறு எங்கே?

பதில்: உங்கள் தங்கை மகன் பக்கத்தில் இருப்பதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும். அழைப்பில் வரும் வங்கி அதிகாரி பிறந்த தேதி, தொழில், ஆண்டு வருமானம், கணக்கு எதற்காக என்பவற்றை ஆளுக்கு ஆள் வரிசை மாற்றிக் கேட்பார். வருமானத்தைக் கேட்டதும் உங்கள் பார்வை திரையை விட்டு விலகினாலோ, பின்னாலிருந்து யாரோ மெல்லிய குரலில் ஒரு தொகையைச் சொல்வது காதில் விழுந்தாலோ அவர் அதைக் கவனிப்பார். வாடிக்கையாளருக்கு யாரேனும் பதில் எடுத்துக்கொடுப்பது தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதால், அந்த இடத்தில் அதிகாரி இரக்கம் காட்ட வழியில்லை. அடுத்த முறை அறையில் தனியாக அமருங்கள்.

இரண்டாவது காரணம் பெயராக இருக்கலாம். நம் ஊரில் ஆதாரில் ‘கோ. செல்வி’ என்றும் பான் அட்டையில் ‘செல்வி கோவிந்தன்’ என்றும் இருப்பது சாதாரணம். நமக்கு இருவரும் ஒருவரே, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் ஏதேனும் ஒன்றைத் திருத்திய பிறகே மீண்டும் விண்ணப்பியுங்கள். பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தாலும் வேலை நடக்காது.

அழைப்பின்போது பான் அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். நகலையோ செல்போனில் எடுத்த படத்தையோ காட்டாதீர்கள். கையெழுத்திட்டுக் காட்ட வெள்ளைத்தாளும் பேனாவும், முகத்தில் விழும் வெளிச்சமும் வேண்டும். நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்களா என்று வங்கி உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், செல்போனில் இருப்பிட அனுமதியைக் கொடுத்து, இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலி இருந்தால் அணைத்துவிடுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் புதிதாக வேறொரு அழைப்பில் தொடங்குவார்கள். அதை நிராகரிப்பு என்று எண்ண வேண்டாம்.

இவை எல்லாம் சரியானாலும், ஆதாரில் தங்கை மகனின் செல்போன் எண் இருக்கும்வரை நீங்கள் கணக்குத் தொடங்குவதை நான் விரும்பவில்லை. ஆதார் ஓடிபி அவருக்கே போகிறது. வங்கிக்கும் அதே எண்ணைக் கொடுத்தால், பணம் எடுப்பதற்கான ஓடிபியும் பணம் போனதைச் சொல்லும் குறுஞ்செய்தியும் அவர் கையில்தான் இருக்கும். அதற்கு மேல் அவருடைய வியாபாரப் பணம் வேறு. ஓராண்டில் சேமிப்புக் கணக்கில் செலுத்தப்படும் ரொக்கம் 10 லட்சத்தைத் தொட்டாலே வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸ் உங்கள் பான் எண்ணுக்குத்தான் வரும், அவருக்கு அல்ல. வந்த பணத்தில் ஒரு தொகை யாரோ ஏமாந்த பணம் என்று காவல்துறை புகார் பதிவானால் கணக்கு முடக்கப்படலாம். அப்போது உங்கள் இரண்டரை லட்சமும் சேர்ந்தே சிக்கும்.

இவ்வளவும் எந்த லாபத்துக்காக? முதல் லட்சத்துக்கு 3,000, மீதி ஒன்றரை லட்சத்துக்கு 10,500, ஆக ஆண்டுக்குச் சுமார் 13,500 ரூபாய். விளம்பரத்தில் 7 என்றாலும் உங்கள் கைக்கு வருவது 5.4 சதவீதம்தான். பழைய கணக்கில் இரண்டரை சதவீதம் என்று வைத்தாலும் 6,250 கிடைக்கும். கூடுதல் லாபம் மாதத்துக்கு 600 ரூபாய் அளவில் நிற்கிறது. வங்கி நினைத்தால் சேமிப்புக் கணக்கு வட்டியை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம்.

வீடியோ அழைப்பே இல்லாமல் ஆதார் ஓடிபியை மட்டும் வைத்துக் கணக்குத் தொடங்கலாம் என்று அவர் குறுக்குவழி சொல்லக்கூடும். அந்த வகைக் கணக்கில் இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது, ஆண்டு வரவு இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பும் முடிய வேண்டும். உங்கள் தொகைக்கு அது பொருந்தாது.

ஆகவே முதலில் ஆதார் சேவை மையத்துக்குச் சென்று உங்கள் சொந்த எண்ணை இணையுங்கள். அது பதிவானதும் தனியாக அமர்ந்து மூன்றாம் முறை விண்ணப்பியுங்கள், அல்லது அந்த வங்கிக்கு அருகில் கிளை இருந்தால் ஆவணங்களுடன் நேரிலேயே செல்லுங்கள். தங்கை மகனிடம், வியாபாரத்துக்குத் தன் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.