ஹட்டனில் ஒரு கேம்பஸ்: காசு கட்டும் முன் அது யாருடையது என்று பார்ப்பது எப்படி?

ஐயா, எனது மகள் உயர்தரம் முடித்துவிட்டாள். ஹட்டன் டவுனில் ஒரு கேம்பஸில் கெயார்கிவர் பாடநெறி படிக்க ஆசைப்படுகிறாள். மொத்தம் 180,000 ரூபா, முதலில் 60,000 கட்டச் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றுக் கிடைத்த ஈ.பி.எஃப். காசில்தான் கட்டப் போகிறேன். சுவரில் அரசாங்கப் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. கேட்டால் டிரஸ்ட் என்றும் சொல்கிறார்கள். போனில் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன். நம்பிக் கட்டலாமா?
— பொகவந்தலாவையிலிருந்து ஒரு தந்தை

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த இடம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் மூன்று வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றன. அது தெளியும் வரை உங்கள் காசு உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் சுவரில் இருக்கும் சான்றிதழைப் பார்ப்போம். அரசாங்க இலச்சினை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, இலக்கமும் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கித் தலைப்பை வாசியுங்கள். அது வியாபாரப் பெயர் பதிவுச் சான்றிதழ். மாகாண சபையின் கீழ் பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் கொடுப்பதும் இதே சான்றிதழ்தான். இன்னார் இன்ன முகவரியில் இன்ன பெயரில் வியாபாரம் செய்கிறார் என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. படிப்பின் தரத்தை யாரும் பார்த்து அதைக் கொடுக்கவில்லை. பொய்யான சான்றிதழும் அல்ல, ஆனால் அதை ‘அரசாங்கப் பதிவு பெற்ற கேம்பஸ்’ என்று காட்டுவதில்தான் கோளாறு.

அதே சான்றிதழில் உரிமையாளர் பெயரும் வியாபாரம் நடக்கும் முகவரியும் இருக்கின்றன. முகவரி கம்பளை, ஹட்டன் அல்ல. உரிமையாளர் ஒரே ஆள். இப்படிப் பதிந்த வியாபாரத்துக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலை கிடையாது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் நீங்கள் வழக்குப் போட வேண்டியது அந்த மனிதர்மேல்தான், கேம்பஸ் மேல் அல்ல. இரண்டாவது படத்தில் இருக்கும் வங்கிக் கணக்கோ அவர் பெயரிலும் இல்லை, வேறொருவர் பெயரில் இருக்கிறது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

மூன்றாவது, பெயர்ப்பலகை. அதில் பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிட்டட்’ என்று போட்டிருக்கிறது. அப்படிப் போட்டால் அது கம்பனியாக இருக்க வேண்டும். இலங்கையில் கம்பனிகள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதியப்படுகின்றன. பிரைவேட் லிமிட்டட் என்றால் இலக்கம் PV என்று தொடங்கும். கம்பனியின் கடிதத்திலும் பற்றுச்சீட்டிலும் அதன் முழுப்பெயரும் இந்த இலக்கமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஓர் எளிய சோதனை: பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய புத்தகத்தில் ரப்பர் முத்திரை மட்டும் குத்தியிருந்தால், PV இலக்கம் எங்கே என்று கேளுங்கள்.

இலக்கம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மகளை விட்டு eroc.drc.gov.lk என்ற தளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பலகையில் உள்ள பெயரை ஆங்கிலத்தில், ‘பிரைவேட் லிமிட்டட்’ என்ற பகுதி இல்லாமல் அடிக்க வேண்டும். ஒரே மாதிரியான பல பெயர்கள் வரலாம். அங்கே அவசரப்படக் கூடாது. எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கம்பனியாக இருக்கலாம். அதனால் பெயரோடு இலக்கத்தையும் ஒத்துப் பாருங்கள்.

பெயர் பட்டியலில் இருப்பதோடு வேலை முடிவதில்லை. பல வருடங்களுக்கு முன் தலவாக்கலையிலிருந்து ஒரு குடும்பம் கம்பனிப் பதிவுச் சான்றிதழின் பிரதியோடு என்னிடம் வந்தது. சான்றிதழ் உண்மையானது. ஆனால் காசு வாங்கியவர் அந்தக் கம்பனியின் பணிப்பாளரே அல்ல. அவர் எப்போதோ விலகியிருந்தார், பழைய சான்றிதழை மட்டும் கையில் வைத்திருந்தார். பதிவுச் சான்றிதழ் ஒரு நாளில் கொடுக்கப்படுவது. அதற்குப் பிறகு யார் வந்தார், யார் போனார், கம்பனி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்காது. பணிப்பாளர்கள் யார் என்பதைச் சொல்வது வருடாந்த அறிக்கை, அதாவது படிவம் 15. பணிப்பாளர்கள் மாறினால் படிவம் 20. கட்டணம் செலுத்தினால் திணைக்களத்தில் யாரும் இவற்றின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். கம்பனி நடத்துபவர்களிடம் பிரதி இருக்கும் என்பதால், முதலில் அவர்களிடமே கேளுங்கள். தர முடியாது என்றால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

சரி, டிரஸ்ட் கதைக்கு வருவோம். டிரஸ்ட் உருவாகும் விதம் கம்பனியைப் போன்றதல்ல. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஓர் உறுதி எழுதி அதை உருவாக்குவார்கள். காணி, கட்டடம் சம்பந்தப்பட்டிருந்தால் அந்த உறுதி நொத்தாரிஸ் முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். எனவே ‘டிரஸ்ட் பதிவு இலக்கம்’ என்று ஏதாவது சொன்னால், அது எந்த அலுவலகம் கொடுத்த இலக்கம் என்று கேளுங்கள். நொத்தாரிஸ் உறுதிக்குப் போடும் இலக்கத்தைப் பலர் அரசாங்கப் பதிவு இலக்கம்போலப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது உறுதியின் பிரதி. அதில் நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் பெயர்கள் இருக்கும், டிரஸ்டின் நோக்கம் இருக்கும். கல்வி நடத்துவது அந்த நோக்கத்தில் இருக்கிறதா, உங்களிடம் காசு கேட்கும் ஆள் அந்தப் பெயர்களில் ஒருவரா என்று பாருங்கள். சில தரும நிறுவனங்கள் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருக்கும். அவற்றுக்குக் கம்பனிப் பதிவேட்டிலேயே இலக்கம் இருக்கும், PV அல்ல, வேறு எழுத்துக்களில்.

ஒரே இடம் கம்பனி என்றும் டிரஸ்ட் என்றும் வியாபாரப் பெயர் என்றும் மாற்றி மாற்றிச் சொன்னால், ‘என் மகளோடு ஒப்பந்தம் செய்வது இதில் எது?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், காசை யார் வாங்குகிறார் என்பதுதான் தெரியும். கெயார்கிவர் பாடநெறி நடத்த அவர்களுக்குத் தனிப் பதிவு வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். tvec.gov.lk தளத்தில் பாருங்கள், அல்லது ஆணைக்குழுவுக்குப் போன் செய்து கேளுங்கள். கம்பளை முகவரிக்குப் பதிவு இருக்கிறது என்றால் அதோடு விடாமல், ஹட்டன் நிலையத்துக்கு இருக்கிறதா, இன்றும் செல்லுபடியாகிறதா என்றும் கேளுங்கள். தேசிய தொழிற்தகைமையான என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லியிருந்தால், நிலையத்தின் பதிவு மட்டும் போதாது, அந்தப் பாடநெறிக்கும் தரச் சான்று கிடைத்திருக்க வேண்டும். (பட்டப்படிப்பு என்றால் பாதை வேறு. இங்கேயே பட்டம் வழங்குவதாகச் சொல்லும் தனியார் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் இருக்க வேண்டும்.)

இந்த வாரம் கேம்பஸுக்குப் போகும்போது கொப்பியில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: பலகையில் உள்ள பெயர், பதிவில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர். மூன்றும் ஒன்றாக இருந்தால், அல்லது ஏன் வேறாக இருக்கின்றன என்பதற்குக் கடிதத் தாளில் கையெழுத்தோடு விளக்கம் தந்தால், ஆணைக்குழுப் பதிவும் இருந்தால், 60,000ஐ நிறுவனத்தின் கணக்குக்கே போடுங்கள். வைப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ‘இன்றைக்குக் கட்டாவிட்டால் இடம் போய்விடும்’ என்று சொன்னால், விண்ணப்பப் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்தப் படிவத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதன் அடியில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.