ஆறாவது வரிசையில் தங்கிவிட்ட யானை: செஸ் கேள்வி பதில்

கேள்வி: சார், நேத்து டிரா ஆக வேண்டிய ஆட்டத்தைத் தோத்துட்டேன். எனக்கு கறுப்பு. யானையை ஆறாவது வரிசையிலேயே வச்சிருந்தேன், நீங்க சொன்னது அதுதானே? எங்கே தப்பு?

தம்பி, நீ அனுப்பிய நோட்டேஷனைப் போர்டில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை ராஜா d5, சிப்பாய் e5, யானை h7. உன் ராஜா e8, யானை a6. இது பிரெஞ்சு செஸ் ஆட்டக்காரர் பிலிடோர் 1777-இலேயே காட்டிய டிரா. அதுவரை நீ ஆடியது எல்லாம் சரி. உன் யானை ஆறாவது வரிசையைப் பிடித்திருப்பதால் வெள்ளை ராஜாவால் d6, e6 எதற்கும் ஏற முடியாது. அதனால்தான் உன் எதிராளி சிப்பாயை e6-க்குத் தள்ளினார்.

அந்த ஒரு நகர்த்தலில் நிலைமை தலைகீழாகிவிட்டது. வெள்ளை ராஜா ஒளிந்துகொள்ள நினைத்த கட்டம் e6. சிப்பாய் e5-இல் நின்றால், பின்னாலிருந்து வரும் செக்கை அதுவே தடுக்கும். இப்போது அந்தக் கட்டத்தில் சிப்பாயே வந்து உட்கார்ந்துவிட்டது. ராஜா d6-க்கோ f6-க்கோ போனால் பின்னால் மறைப்பு கிடையாது. அந்த நொடியே யானை a1-க்கு இறங்கியிருக்க வேண்டும். ராஜா d6 வந்தால் d1-இலிருந்து செக், f6 வந்தால் f1-இலிருந்து செக். அவர் உன் யானையை நோக்கி இறங்கி வந்தால் சிப்பாய் தனியாகிவிடும்.

நீ b6-க்கு நகர்த்திக் காத்திருந்தாய். அது தோல்வி இல்லை. அவர் ராஜா e5-க்கு வந்தபோதும் b1-க்கு இறங்கியிருந்தால் டிராதான். நீ திரும்ப a6-க்குப் போனாய், தோல்வி அங்கேதான். அவர் f6-க்கு ஏறினார். e6 சிப்பாய் இப்போது உன் யானைக்கும் அவர் ராஜாவுக்கும் நடுவில் நிற்கிறது. நீ காவல் காத்த வரிசையே அவருக்குச் சுவராகிவிட்டது. அடுத்து h8-இல் மேட். யானையை a1-க்கு இறக்கினாலும் மேட், a8-க்கு ஏற்றினாலும் மேட். ராஜாவை d8-க்கு ஓட்டினால் h8-இல் செக், நீ c7, அவர் f7, அப்புறம் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது.

எதிராளி சிப்பாயைத் தொட்டால், அது இப்போது எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வை.

கேள்வி: அப்போ ஆரம்பத்திலேயே a1-க்கு இறங்கிட்டா வம்பே இல்லையே? எதுக்கு ஆறாவது வரிசை?

பாதிதான் சரி. சிப்பாய் e5-இல் இருக்கும்போதே இறங்கினால் வெள்ளை ராஜா e6-க்கு ஏறி, h8-இல் மேட் போடப் பார்க்கும். டிரா அப்போதும் போய்விடாது, ஆனால் உங்கள் ராஜா ஒதுங்குவதென்றால் f8 பக்கம்தான் ஒதுங்க வேண்டும். d8 பக்கம் போனால் தோல்வி. f8 போனபிறகும் யானை தூரத்திலிருந்து, சிப்பாய்க்குக் கட்டங்கள் அதிகமுள்ள நீளமான பக்கத்திலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் குறைவாக இருக்கும் சிறுவனிடம் இதைத் தர மாட்டேன்.

கேள்வி: எனக்கு இதே நிலை, ஆனா எதிராளிக்கு g சிப்பாய். கடைசி வரிசையில் யானையை வச்சு சும்மா இருந்தேன், டிரா ஆச்சு. நீங்க இவ்வளவு பயமுறுத்துறீங்களே?

உங்களுடையது வேறு நிலை. a, b, g, h சிப்பாய்கள் என்றால், ராஜா முன்னால் நிற்க, யானை கடைசி வரிசையில் சும்மா இருந்தே தாங்கும். ஓரத்தில் எதிராளி யானைக்குச் சுற்றிவர இடம் போதாது. e சிப்பாயிடம் அப்படி உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: இருபது வருஷமா பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். "சிப்பாய் ஆறுக்கு வந்தா யானை ஒண்ணுக்கு"ன்னு சொன்னா போதும். காரணமெல்லாம் பத்து வயசுப் பையனுக்கு எதுக்கு?

ஐயா, வாய்ப்பாடு மட்டும் தெரிந்தவன்தான் இங்கே தோற்றான். "ஆறாவது வரிசையை விடாதே" என்பதும் வாய்ப்பாடுதான்.

கேள்வி (அதே ஐயா): அது பாதி வாய்ப்பாடு. முழுசா சொல்லியிருந்தா தோத்திருக்க மாட்டான். கடைசி ஒரு நிமிஷத்துல யாரும் காரணம் யோசிக்க மாட்டாங்க, கைதான் ஆடும்.

கை ஆடும் என்பது உண்மை. ஆனால் d சிப்பாய் வந்து, பலகை பக்கம் மாறி நின்றால் உங்கள் மாணவன் கை எங்கே போகும்? e6 மறைப்பு என்று கண்ணால் பார்த்தவன், d6-ஐயும் பார்ப்பான். உங்கள் பசங்களை இரண்டு நிலையிலும் ஆடவிட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: 50 நகர்த்தல் விதியைக் கேட்டு டிரா வாங்கியிருக்கலாமே?

சிப்பாய் நகர்ந்தால் கணக்கு மறுபடி பூஜ்யம். e6 தள்ளியதும் புதுக் கணக்கு.

கேள்வி: சிசிலியனுக்கு எதிரா எது நல்லது?

வேறொரு நாள், வேறொருவரிடம்.

கேள்வி: சார், யானை ஆறாவது வரிசையில எவ்வளவு நேரம் நிக்கணும்?

மேலே முதல் பதில். சிப்பாய் எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள்.