வாடகை பேச நேரம் கேட்டு ஓனருக்கு நான் கொடுத்த கடிதம்

கேள்வி: கடை ஓனர் வாடகையை ஏத்தப் போறதா ஆள் விட்டுச் சொல்லியிருக்கார். நேரில் பேச நேரம் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம்னு இருக்கேன். மரியாதை குறையக் கூடாது, அதே சமயம் பயந்த மாதிரியும் தெரியக் கூடாது. எப்படி எழுதணும்?

பதில்: உங்களுக்கும் ஒப்பந்தம் முடிந்து, வாய்ப்பேச்சிலேயே கடை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால்தான் ஓனர் ஆள் விட்டுச் சொல்லுவார். என் கதையும் அதுதான்.

திண்டுக்கல்லில் 2017-லிருந்து மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். லைனிங், ஃபால்ஸ், நூல், ஊக்கு, பட்டன். கடை 10-க்கு 18, அதாவது 180 சதுர அடி. ஒன்பதாயிரத்தில் ஆரம்பித்த வாடகை 2022-இல் 12,500 ஆனது. ஒவ்வொரு முறையும் ஐயா கடைக்கு வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, ‘அடுத்த மாசத்திலிருந்து கொஞ்சம் சேர்த்துக் குடும்மா’ என்பார். நானும் கொடுத்துவிடுவேன். கடைசியாக எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம் 2022-லேயே முடிந்துவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை.

2024 ஜூனில் ஐயா வரவில்லை, மகனை அனுப்பினார். ஆகஸ்டிலிருந்து இருபதாயிரம், அட்வான்ஸ் 60,000-த்தை இரண்டு லட்சம் ஆக்க வேண்டும், முடியாவிட்டால் தீபாவளிக்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கடையில் ஆறு பேர் நிற்கும்போது சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். கொரோனாவில் கடை மூடிக் கிடந்தது, பிள்ளையின் படிப்புச் செலவு, தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டதில் வியாபாரம் படுத்தது, எல்லாம் எழுதி, ‘தாங்கள் கருணை கூர்ந்து’ என்று முடித்திருந்தேன். காலையில் படித்துப் பார்த்தேன். அதற்கு ‘பாவம்தான், ஆனால் முடியாது’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தது. சட்டப் பிரிவும் ‘தவறும் பட்சத்தில்’ என்ற வார்த்தையும் வரிக்கு வரி இருந்தன. ஏழு வருடம் முகம் பார்த்துப் பழகியவருக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவதாக நானே எழுதியதுதான் கொடுத்தது. அப்படியே தருகிறேன்.

தேதி: 24.06.2024

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கட்டிடத்தில் 3-ஆம் எண் கடையை 2017 முதல் என் பெயரில் வாடகைக்கு எடுத்து நடத்தி வருகிறேன். தற்போதைய மாத வாடகை ரூ. 12,500. கடைசியாக 2022-இல் உயர்த்தப்பட்டது. ஜூன் 2024 வரை பாக்கி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாடகையையும் முன்பணத்தையும் மாற்றுவது பற்றித் தங்கள் மகன் மூலம் தெரிவித்திருந்தீர்கள். இதுபற்றித் தங்களிடம் நேரில் பேசி, இருவருக்கும் ஒத்துவரும் தொகையை முடிவு செய்து, புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ள விரும்புகிறேன். வரும் 30.06.2024 ஞாயிறு காலை 11 மணிக்கோ, 03.07.2024 புதன் மாலை 5 மணிக்கோ தங்கள் வீட்டுக்கு வர முடியும். எது வசதி என்று தெரிவித்தால் போதும்.

பேசி முடிவாகும் வரை இப்போதைய வாடகையை வழக்கம்போல் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன். கடையின் கூரை ஒழுகுவது பற்றியும் அன்று பேச வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து, கடைப் பெயர், கைப்பேசி எண்)

இவ்வளவுதான், ஒரு பக்கம்கூட இல்லை. ‘இதில் எத்தனை தருவேன் என்றே சொல்லவில்லையே’ என்று என் தம்பி கேட்டான். வேண்டுமென்றுதான் எழுதவில்லை. கடிதத்தில் 14,000 என்று எழுதியிருந்தால் பேச்சு 14,000-த்தில் ஆரம்பித்து மேலே மட்டும்தான் போகும். இருபதாயிரம் என்று அவர் சொன்னதையும் எழுதவில்லை. என் கையெழுத்துக்கு மேலே அந்தத் தொகை இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

‘ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ள விரும்புகிறேன்’ என்ற வரிதான் அந்தக் கடிதத்தின் முதுகெலும்பு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது, 2017-இல் நிறைவேறிய சட்டம். அதன்படி வாடகை எவ்வளவு என்பதை இருவரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பழைய சட்டத்தில் ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்க வழி இருந்தது, இப்போது அது இல்லை. எழுத்தில் ஒப்பந்தமே போடாமல் இருந்தால் அதையே காரணமாகக் காட்டி ஓனர் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதனால் ‘நான் ஒப்பந்தம் போடத் தயார்’ என்று உங்கள் கைப்பட, தேதியோடு ஒரு தாள் இருப்பது முக்கியம். பின்னால் ‘இந்தம்மா எழுதவே வரவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. நான் வக்கீல் இல்லை. என் விஷயத்தில் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் இதைச் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் நீங்களும் காட்டிக் கேளுங்கள்.

வாடகை பற்றிய வரியும் அப்படித்தான். ரொக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்த மாதத்திலிருந்தே வங்கி வழியாக மாற்றுங்கள். சண்டை வந்தால் ஓனர் முதலில் செய்வது வாடகையை வாங்க மறுப்பது. இரண்டு மாதம் வாங்காமல் விட்டு, பிறகு பாக்கி என்பார்கள். அப்படி மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது. எனக்கு அதுவரை போகவில்லை.

கடிதத்தைக் கொடுக்கும் விதத்துக்கு வருகிறேன். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போனேன். ஐயா வாங்கிப் படித்தார். என் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்டபோது முகம் மாறிவிட்டது. ‘நமக்குள்ள என்னம்மா கையெழுத்து’ என்றார். நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்கு நாளில் அந்த வீட்டு அம்மாவின் கையெழுத்தோடு அட்டை வந்துவிட்டது. 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், நீங்கள் அதில் கையொப்பச் சான்று கேட்டு அனுப்புங்கள். நேரில் கொடுக்காமல் தபாலில் மட்டும் அனுப்பியிருந்தால் அவர் அதை நோட்டீஸ் என்றே எடுத்திருப்பார். இரண்டும் செய்ததில் தப்பு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஞாயிறு வரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, ‘உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே’. ஏழு வருடமாக ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் நான். ஒப்பந்தம் என் பெயரில், ஜிஎஸ்டி என் பெயரில். ஈரோட்டில் சரக்கு எடுக்கப் போனாலும் ‘சார் வரலையா’ என்பார்கள், கடன் கேட்டுப் போனால் கணவர் கையெழுத்து எங்கே என்பார்கள். இது வாடகையோடு சம்பந்தப்பட்டது இல்லைதான். ஆனால் கடிதத்தில் ‘என் பெயரில்’ என்று எழுதியதற்குக் காரணம் இதுதான். பெண் யாராவது இதைப் படித்தால் அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ‘கடைக்காரி நான்தான் ஐயா, என்கிட்டயே பேசுங்க’ என்றேன். பேசினார்.

போவதற்கு முன்னால் இரண்டு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒன்று என் கடைக் கணக்கு. மாதம் சராசரி 1,10,000 விற்றால் எனக்கு நிற்பது 33,000. அதில் வாடகை 12,500, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 7,000, கரண்ட் 1,800 போக 11,700 மிஞ்சும். இருபதாயிரம் வாடகை என்றால் மிஞ்சுவது 4,200. கடையை மூடிவிட்டு வேறு கடையில் வேலைக்குப் போகலாம். அதனால் என் உச்ச வரம்பு 15,000 என்று மனதில் முடிவு செய்துகொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று தெருக் கணக்கு. ஐயா கேட்டது சதுர அடிக்கு 111 ரூபாய். அந்தத் தெருவில் அந்த அளவு வாடகை கொடுப்பது முனையில் இருக்கும் ஒரே ஒரு செல்போன் கடைதான். அது புதுக் கட்டிடம், இரண்டு பக்கம் ஷட்டர், உள்ளேயே கழிப்பறை. என்னைப் போல நடுவில் இருக்கும் இரண்டு கடைக்காரர்களிடம் கேட்டேன். ஒருவர் 75, இன்னொருவர் 82. மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். புரோக்கர் அந்த முனைக் கடை வாடகையைச் சொல்லித்தான் மகனைக் கிளப்பிவிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஐயா ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்கள் அல்லவா, கடைக் கட்டிடங்களுக்கு ஒரே அடியாக இரட்டிப்பு. அரை வருடத்துக்கு 7,200 இருந்தது 14,400 ஆகியிருந்தது. அவர் பக்கம் உண்மையான சுமைதான், அதை நான் மறுக்கவில்லை. அங்கேயே கணக்குப் போட்டோம். கூடுதல் 7,200 என்றால் மாதம் 1,200, ஐந்து கடைக்குப் பிரித்தால் ஒரு கடைக்கு 240. ‘அதை முழுசா நானே தர்றேன் ஐயா’ என்றேன். அதற்கப்புறம் அவர் குரல் இறங்கிவிட்டது. இந்த ரசீது மகன் மூலம் வந்த செய்தியில் இல்லை. நேரில் உட்கார்ந்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அன்றே முடியவில்லை. புதன்கிழமை மறுபடி போனேன். 14,500-க்கு நின்றது, சதுர அடிக்கு 80 சொச்சம். செப்டம்பர் முதல், மூன்று வருடம், வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றம். அட்வான்ஸ் 75,000. கூரை ஒழுகலை அவர் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்தோம்.

வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தால் பழைய வாடகையிலேயே இழுத்திருக்கலாம் என்று யாராவது சொல்வீர்கள். இழுத்திருக்கலாம். எனக்கு அந்தக் கடையில் இன்னும் பத்து வருடம் உட்கார வேண்டும். உங்கள் ஓனர் கடிதத்தை வாங்கவே மறுக்கிறவராக, கரண்டைப் பிடுங்குகிறவராக இருந்தால் என் வழி உங்களுக்கு ஒத்துவராது. அப்போது நேராக வக்கீலிடம் போங்கள்.

கூரையை ஐப்பசி மழைக்கு முன்னால் பூசிக் கொடுத்தார்கள். மேல் அடுக்கில் இப்போது லைனிங் பண்டல்களைத் தைரியமாக வைக்கிறேன்.