பாதிப் பெயரோடு வந்த மாத்திரைத் துண்டு

கேள்வி: பொகவந்தலாவையில் இருக்கிறோம். அம்மாவின் பிரஷர் மாத்திரையை, ஹட்டனுக்குப் போன கடைக்காரர் வாங்கி வந்து கொடுத்தார். வெட்டிய அட்டைத் துண்டில் நான்கு மாத்திரைகள். ‘...பைன் 5’ என்றும், ஓரத்தில் ‘...07’ என்றும் மட்டும் தெரிகிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பிரஷருக்குத் தரும் அம்லோடிபைனும் ‘பைன்’ என்றுதான் முடியும். மனநல சிகிச்சையில் தரும் ஒலன்சபைனும் அப்படியே முடியும். இரண்டிலும் 5 மில்லிகிராம் மாத்திரை உண்டு. இரண்டாவதை வயதானவர் தவறிப்போட்டால் கடும் தூக்கமும் எழும்போது தலைசுற்றலும் வந்து விழக்கூடும்.

அந்த 5 கூட முழு எண்தானா? அம்லோடிபைனில் 2.5 மில்லிகிராமும் இருக்கிறது. கத்தரிக்கோல் ‘2.’ என்பதை எடுத்துக்கொண்டுபோனால் மிஞ்சுவது வெறும் 5. வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளியின் தடம் தெரிந்தால் சந்தேகம் உறுதி. தெரியாவிட்டாலும் எதுவும் உறுதியாகாது. ‘07’ ஏழாம் மாதமாகலாம். ஆனால் தயாரித்த மாதமா முடியும் மாதமா என்று சொல்ல முன்னாலுள்ள எழுத்து வேண்டும். தொகுதி எண்ணின் வாலாகவும் இருக்கலாம். வாலை மட்டும் வைத்து எந்த மருந்தையும் தேட முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த அட்டையின் மறுபாதி கிடைத்து, வெட்டில் பிளந்த எழுத்துகள் இரு துண்டிலும் பொருந்தி, ஒரே சொல்லாகச் சேர்ந்தால் அதை நம்பலாம். எழுத்தின் பிளவு பொருந்த வேண்டும், அதைத்தான் சொல்கிறேன். படலத்தின் நிறம் ஒன்று, மாத்திரை வெள்ளை, வட்டம் என்பதெல்லாம் பொருத்தம் ஆகாது. ஒரே நிறுவனம் பல மருந்துகளை ஒரே மாதிரிப் படலத்தில் அடைக்கிறது. பொருந்திய பிறகும் முடிவுத் திகதி முழுதாகத் தெரிய வேண்டும்.

கடைக்காரர் உதவியாகத்தான் செய்கிறார். ஆனால் பத்து வீட்டுக்கு ஒரே பையில் வாங்கி, லயத்து வாசலில் வைத்துப் பங்குபிரிப்பவர் மருந்தாளர் அல்ல. யாருடைய துண்டு யாருக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. பாமசியும் சளைத்ததல்ல: திகதி அச்சான ஓரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நடுவில் நான்கை வெட்டி வெறும் உறையில் போடுகிறது. 2015 இல் மருந்து ஒழுங்குபடுத்தல் சட்டமே வந்துவிட்டது. உறையில் பெயர் எழுத ஒரு பேனா மட்டும் இன்னும் வரவில்லை!

துண்டை எறியாமல், கிளினிக் கொப்பியோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு வைத்தியசாலையிலோ, மருந்தாளர் இருக்கும் பாமசியிலோ காட்டுங்கள். அம்மாவுக்கு எழுதியது அம்லோடிபைன் என்றால் ஒரு நாள் தவறியதற்குப் பதற வேண்டாம். அது உடலில் மெதுவாகவே குறையும். மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டாதீர்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் கொப்பியையும் கொடுத்தனுப்பி, மருந்தின் பெயர், அளவு, முடிவுத் திகதி மூன்றையும் பாமசியிலேயே உறையில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.