பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் கேப் விட்டால் காலேஜில் படிப்பு வருமா?

"மகன் பிளஸ் டூவில் கணக்கு 78, இயற்பியல் 82, வேதியியல் 86. இன்ஜினியரிங்கில் எந்த குரூப் என்று தெரியவில்லை, ஒரு வருஷம் கழித்துச் சேர்கிறேன் என்கிறான். என் தம்பி பாண்டிச்சேரியில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், அங்கே அனுப்பலாமா? படிப்பு விட்டுப்போய்விடும் என்று பயமாக இருக்கிறது." – ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்.

அனுப்பலாம், ஆனால் திரும்பி வரும் தேதியை முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி பர்ச், மில்லர் என்ற இரு பொருளியலாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி முடித்து ஒரு வருஷம் விட்டு வந்தவர்கள் கல்லூரியில் நன்றாகவே படித்திருந்தார்கள். அமெரிக்கப் புள்ளிவிவரங்களோ, தாமதமாகச் சேர்பவர்கள் பட்டம் முடிப்பது குறைவு என்கின்றன. இரண்டும் உண்மைதான், ஆட்கள்தான் வேறு. ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழக இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வருஷம் தள்ளிப்போடும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் தாமதமாகச் சேர்பவர்களில் பலர் பணமில்லாமல் வேலைக்குப் போனவர்கள்.

நம் ஊரில் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது. அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பித்து, புதிய தரவரிசையில் நிற்க வேண்டும். உங்கள் மகனின் கட்-ஆஃப், கணக்கு முழுதாக 78, இயற்பியலில் பாதி 41, வேதியியலில் பாதி 43, ஆக 162. ஒரு வருஷம் கழிந்தாலும் இது அதே 162தான். ஆகவே 'நல்ல காலேஜ் கிடைக்கும்' என்பதற்காகக் காத்திருப்பதில் பலன் இல்லை. எந்தப் பிரிவு என்று தெளிவதற்காக என்றால் மட்டும் அந்த வருஷத்துக்கு அர்த்தம் உண்டு.

படிப்பு விட்டுப்போகும் என்ற உங்கள் பயம் ஒரே ஒரு பாடத்தில் நியாயமானது: கணக்கு. இயற்பியலையும் வேதியியலையும் கல்லூரியில் ஓரளவு மறுபடி தொடங்கிச் சொல்லித்தருவார்கள். முதல் வருஷக் கணக்கில் கால்குலஸை, பிளஸ் டூவில் வந்த டிஃபரன்ஷியேஷனும் இன்டகிரேஷனும் கைக்குப் பழகியிருக்கும் என்று எண்ணியே நடத்துவார்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்தான். ஒரு வருஷம் மாமா கடையில் ஒயரிங் வேலை பார்த்துவிட்டு எலக்ட்ரிக்கல் சேர்ந்தவன். லேபில் வகுப்புக்கே அவன்தான் முதல். கணக்கில் மட்டும் முதல் செமஸ்டரில் அரியர். விசாரித்தால், பாடம் அவனுக்குப் புரிகிறது, இன்டகிரேஷன் சூத்திரங்கள்தான் கைக்கு வரவில்லை. ஒரு கணக்குக்கு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரம், தாளை முடிக்க முடியவில்லை. பழைய பிளஸ் டூ புத்தகத்தை எடுத்து இரண்டு மாதம் தினமும் போட்டுப்பார்த்து அதை எழுதி முடித்தான்.

உங்கள் மகன் 78 எடுத்தவன். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், பிளஸ் டூ புத்தகத்தின் கால்குலஸ் பாடங்களை மட்டும் போடட்டும். மாதம் ஒருமுறை, புத்தகத்தை மூடிவிட்டுப் பயிற்சியிலிருந்து ஐந்து கணக்கு கொடுங்கள். போன மாதத்தைவிட நேரம் கூடிக்கொண்டே போனால் துரு ஏறுகிறது என்று பொருள்.

இனி கடை. தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பையனை கல்லாவிலும் டெலிவரியிலும் நிறுத்தினால் எந்தப் பிரிவு என்று ஒன்றும் தெளியாது. பழுது பார்க்கும் இடத்தில் நிற்கவேண்டும். கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால் கெபாசிட்டரை மாற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறானா, அது ஏன் போனது என்று கேட்கிறானா? எலக்ட்ரிக்கல் பக்கம் கேள்வி கேட்கிறானா, வாயு, அழுத்தம், குளிர்ச்சி என்று மெக்கானிக்கல் பக்கம் கேட்கிறானா? இரண்டும் இல்லாமல் பில் போடும் கம்ப்யூட்டரையே நோண்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். இதை அவனே ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். (என் அனுபவத்தில் பெற்றோர் கேட்டால் வராத பதில் நோட்டில் வரும்.)

ஆபத்து சம்பளத்தில் இருக்கிறது. மாதாமாதம் கையில் காசு புரள ஆரம்பித்தால், டிசம்பர் வாக்கில் 'இன்னொரு வருஷம் போகட்டுமே' என்ற பேச்சு எழும். இரண்டாவது வருஷத்துக்குச் சம்மதிக்காதீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் சில, படிப்பில் ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் பத்திரமாக இருக்கட்டும். இடைப்பட்ட வருஷத்தில் வேறெங்கும் சேரவில்லை என்று நோட்டரி கையெழுத்துடன் உறுதிமொழி கேட்கும் கல்லூரிகள் உண்டு. கவுன்சலிங் விண்ணப்பம் பொதுவாக மே மாதம் தொடங்கும். ஏப்ரல் முடிவதற்குள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மூவரும் ஒருமுறை உட்காருங்கள். அதில் பத்துப் பக்கம்கூட நிரம்பவில்லை என்றால், அந்தக் கட்-ஆஃபுக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிடுங்கள்.