மோர் வட்டத்தில் 53°, தகட்டில் 26.6°

"மெல்லிய தகடு. கிடையாக 110, செங்குத்தாக 50 இழுவைத் தகைவு, வெட்டுத் தகைவு +40 (எல்லாம் மெகாபாஸ்கல்). முதன்மைத் தகைவின் திசைக்கு மோர் வட்டத்தில் 53° வருகிறது, விடையில் 26.6° என்று இருக்கிறது. எங்கே தவறு?"

வட்டம் சரிதான். தகட்டில் θ திரும்பினால் வட்டத்தில் 2θ திரும்பும், அதனால் 53.1°-ஐப் பாதியாக்க வேண்டும்.

மையம் 80. கிடைத் தகைவு 110 செயல்படும் முகத்தின் புள்ளி அங்கிருந்து வலப்பக்கம் 30 தள்ளி, 40 கீழே. ஆரம் 50. வட்டம் அச்சை வெட்டும் இடங்கள் 130, 30. இவைதான் முதன்மைத் தகைவுகள். கூட்டினால் 160, தொடக்கத் தகைவுகளின் கூட்டுத்தொகையும் அதுவே. ஒவ்வொரு முறையும் இதைச் சரிபாருங்கள்.

ஏன் கீழே? நேர் வெட்டுத் தகைவைக் கீழ்நோக்கிக் குறித்தால்தான் வட்டமும் தகடும் ஒரே பக்கம் சுழலும். மேலே குறித்தால் எண்கள் மாறாது, ஆனால் கோணம் எதிர்ப்பக்கம் போய்விடும். அப்புறம் விரிசல் திசையைத் தவறாகச் சொல்வீர்கள்.

இன்னொன்று: பெரும வெட்டுத் தகைவு 50 என்று எழுதிவிடாதீர்கள். தகட்டின் பரப்புக்குச் செங்குத்தாகத் தகைவு சுழியம், அதுவும் ஒரு முதன்மைத் தகைவு. 0 முதல் 130 வரை பெரிய வட்டம் வரையுங்கள், ஆரம் 65. வெட்டில் தகடு நெகிழுமா என்று பார்க்க இந்த 65-தான் வேண்டும்.