சொற்கள் போகப்போகத் தாளத்துக்கு முந்துகின்றன

"பாட்டு 128 பிபிஎம், பாடல்வரி வீடியோ 30 எஃப்பிஎஸ். தாள அடிக்கு ஒரு சொல்லென்று 14 ஃப்ரேம் இடைவெளியில் வைத்தேன். தொடக்கம் சரி, ஒரு நிமிடம் கழித்துச் சொல் முன்னாடியே வந்துவிடுகிறது."

14-ஐ அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். 16 அடிக்கு 225 ஃப்ரேம் என்று கட்டம் பிரியுங்கள்.

ஓர் அடியின் நீளம் 30 × 60 ÷ 128, அதாவது 14.0625 ஃப்ரேம். நீங்கள் விட்ட அந்தத் துளி 128 அடியில் 8 ஃப்ரேமாகச் சேர்கிறது. கால் நொடிக்கும் மேல். கண்ணில் படாமல் போகாது.

முதல் அடி விழும் ஃப்ரேமை அலைவடிவத்தில் பார்த்துக் குறியுங்கள் (எம்பி3 தொடக்கத்தில் சிறு மௌனம் இருக்கும், 0 என்று நம்ப வேண்டாம்). அங்கிருந்து 225, 450, 675 எனக் குறியிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 15 இடைவெளியை 14 ஆகவும் கடைசியை மட்டும் 15 ஆகவும் வையுங்கள். எங்கும் ஒரு ஃப்ரேமுக்கு மேல் பிசகாது.

சரிபார்க்க, முதல் அடியிலிருந்து 1800-ஆவது ஃப்ரேமுக்குப் போங்கள். அலைவடிவத்தின் கூர்முனை அங்கேயும் இடையிலுள்ள 225, 450 குறிகளிலும் நின்றால் 128 சரியான எண்தான்.

நிற்கவில்லையா? மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த பாட்டாக இருக்கலாம். அதற்குக் கணக்கு உதவாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒலி லேயரைத் தேர்ந்து, ஓடவிட்டு, எண்பலகையின் * விசையைத் தாளத்துக்குத் தட்டிக் குறியிடுவதே வழி.